சாப்பிட்டால் சொல்வதா, சாப்பிட்டிருந்தால் சொல்வதா?

அறுவை சிகிச்சைக்கு முன் வெறும் வயிற்றோடு வரச் சொல்லி நோயாளிக்கு ஒரு தாள் கொடுப்பார்கள். அதில் இப்படி ஓர் ஆங்கில வரி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்: "டெல் த நர்ஸ் இஃப் யூ ஹேவ் ஈட்டன்." ஏழே சொற்கள். கடினமான சொல் ஒன்றுகூட இல்லை. உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு மொழிபெயர்ப்புப் பயிற்சி கொடுக்கும்போது இந்த வரியைப் பலகையில் எழுதிவிட்டுச் சும்மா நிற்பது என் வழக்கம். இரண்டு நிமிடத்தில் எழுதி முடித்துவிடுவார்கள். நோட்டுப் புத்தகங்களை வாங்கிப் பார்த்தால் பெரும்பாலும் நான்கு விதமான விடைகள் இருக்கும்.

சாப்பிட்டால் தாதியிடம் சொல்லுங்கள்.
சாப்பிட்டிருந்தால் தாதியிடம் சொல்லுங்கள்.
சாப்பிட்டீர்களா இல்லையா என்பதைத் தாதியிடம் சொல்லுங்கள்.
சாப்பிட்டதால் தாதியிடம் சொல்லுங்கள்.

நான்கிலும் எழுத்துப் பிழை இல்லை. ஆனால் நான்கு நோயாளிகள் நான்கு தாள்களை ஆளுக்கொன்றாகப் படித்தால் நான்கு விதமாக நடந்துகொள்வார்கள்.

முதல் தாளைப் படிப்பவர் இன்னும் சாப்பிடவில்லை என்று எண்ணிப் பாருங்கள். "சாப்பிட்டால் சொல்லுங்கள்" என்பது அவர் காதில் எப்படி விழும்? இனிமேல் சாப்பிடலாம், சாப்பிட்டுவிட்டு ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று விழும். வெறும் வயிறாக இருக்க வேண்டியவரைச் சாப்பிடச் சொல்கிற வரியாக அது மாறிவிடுகிறது. இரண்டாவது தாள் அந்தக் குழப்பத்தைத் தராது. "சாப்பிட்டிருந்தால்" என்பது நடந்து முடிந்துபோன ஒன்றைப் பற்றிப் பேசுகிறது. காலையில் தெரியாமல் இரண்டு பிஸ்கட் தின்றவர் வாயைத் திறப்பார். தின்னாதவர் பேசாமல் இருப்பார். மூன்றாவது தாளைப் படித்தவர்கள் சாப்பிட்டிருந்தாலும் சாப்பிடாவிட்டாலும் எல்லோருமே பேசியாக வேண்டும். நான்காவது தாள் நோயாளியின்மீது பழியே போட்டுவிடுகிறது: நீங்கள் சாப்பிட்டுவிட்டீர்கள், ஆகவே போய்ச் சொல்லுங்கள்.

இவற்றில் எது சரி? இரண்டாவதுதான் அந்த வரிக்கு இயல்பான பொருள். நானாக இருந்தால் "ஏற்கெனவே ஏதாவது சாப்பிட்டிருந்தால்" என்று இன்னும் இரண்டு சொல் கூட்டி எழுதுவேன். மூன்றாவதையும் தவறு என்று அடித்துவிட முடியாது. ஆங்கில வரியே இரண்டுக்கும் இடம் கொடுத்துத்தான் நிற்கிறது. ஆங்கிலத்தின் "இஃப்" ஒரே உடுப்பில் இரண்டு வேலை பார்க்கிறது. ஒன்று நிபந்தனை. மற்றொன்று "ஆமா, இல்லையா" என்கிற கேள்வியைத் தூக்கிக்கொண்டு போகும் வேலை. தமிழில் இந்த இரண்டு வேலைக்கும் வேறு வேறு உருவங்கள். நிபந்தனைக்கு "ஆல்", கேள்விக்கு "ஆ" போட்டு "என்று". அதனால் ஆங்கிலத்தில் எழுதியவர் முடிவு செய்யாமல் விட்டதைத் தமிழில் எழுதுகிறவர் முடிவு செய்தே ஆகவேண்டும்.

எந்த வேலை என்று கண்டுபிடிக்க ஓர் எளிய வழி உண்டு. "இஃப்" தொடங்கும் பகுதியைத் தூக்கி வாக்கியத்தின் முன்னால் வைத்துப் பார்ப்பது. "இஃப் யூ ஹேவ் ஈட்டன், டெல் த நர்ஸ்" என்று மாற்றினாலும் பொருள் நிற்கிறது. ஆகவே நிபந்தனையாகக் கொள்ளலாம். இப்போது "ஆஸ்க் அம்மா இஃப் ஷி ஹேஸ் ஈட்டன்" என்பதை அப்படி மாற்றிப் பாருங்கள். அம்மா சாப்பிட்டிருந்தால் அம்மாவிடம் கேள் என்று ஆகும். எதைக் கேட்பது? பொருள் கவிழ்ந்துவிட்டது. அப்படியானால் அது நிபந்தனை இல்லை, கேள்வி. "அம்மா சாப்பிட்டாரா என்று கேள்" என்பதுதான் தமிழ். கேட்பது, சொல்வது, பார்ப்பது, தெரிவது போன்ற வினைகளுக்குப் பின்னால் "இஃப்" வந்தால் பேனாவைக் கொஞ்சம் நிறுத்த வேண்டும். "கடை திறந்திருந்தால் பார்" என்று எழுதும் பிள்ளை உண்மையில் சொல்ல நினைப்பது "கடை திறந்திருக்கிறதா என்று பார்" என்பதைத்தான்.

இறந்தகாலம் போலத் தெரியும், ஆனால் இல்லை

எதிர்த்திசையில் போனால் வேறு ஒரு சிக்கல். "நாளை மழை பெய்தால் போட்டி தள்ளிவைக்கப்படும்" என்பதை ஆங்கிலமாக்கச் சொன்னால், நன்றாகப் படிக்கும் பிள்ளைகளே "இஃப் இட் ரெய்ன்ட் டுமாரோ" என்று தொடங்கிவிடுகிறார்கள். நாளை என்று எழுதிவிட்டு இறந்தகால வினையா என்று பெற்றோர் தலையில் அடித்துக்கொள்வார்கள். பிள்ளையின்மேல் குற்றமில்லை. தமிழ்ச் சொல்லுக்குள்ளே அந்தப் பொறி இருக்கிறது.

"பெய்தால்" என்பதைப் பிரித்தால் பெய், த், ஆல். நடுவில் உட்கார்ந்திருக்கும் "த்" இறந்தகால இடைநிலை. "பெய்தது" என்பதில் வரும் அதே "த்"தான். எந்த வினையை எடுத்தாலும் இதே கதை. போனான், போனால். சொன்னான், சொன்னால். கேட்டான், கேட்டால். எழுதினான், எழுதினால். இறந்தகால வினையின் வாலை நறுக்கிவிட்டு "ஆல்" ஒட்டினால் நிபந்தனை பிறந்துவிடுகிறது. இது கற்றுக்கொடுக்க வசதியான விதி. ஒரு பிள்ளைக்கு "அவன் நின்றான்" என்று சொல்லத் தெரிந்தால் "நின்றால்" தானாக வரும். அதே வசதிதான் ஆங்கிலத்துக்குப் போகும்போது காலை வாருகிறது.

அந்தத் "த்" நேற்று நடந்ததைச் சொல்லவில்லை. முதலில் இது நடந்து முடியட்டும், பிறகு அது என்று வரிசையைச் சொல்கிறது. மழை முதலில், தள்ளிவைப்பு அடுத்தது. முழு வாக்கியமும் எந்தக் காலத்தில் நிற்கிறது என்பதைக் கடைசி வினைதான் தீர்மானிக்கும். "மழை பெய்தால் அப்பா குடை எடுத்துப் போவார்" என்றால் வழக்கமும் ஆகலாம், நாளைய திட்டமும் ஆகலாம். நான், நீ, அவர்கள் என்று யாரைச் சேர்த்தாலும் "வந்தால்" மாறாது. ஆள், பால், எண் எதுவும் அதில் ஏறுவதில்லை.

ஆங்கிலமும் இறந்தகால உருவத்தை நிபந்தனைக்குப் பயன்படுத்தத்தான் செய்கிறது. ஆனால் வேறு வேலைக்கு. "இஃப் இட் ரெய்ன்ஸ்" என்றால் பெய்யலாம், பெய்யாமலும் போகலாம். "இஃப் இட் ரெய்ன்ட்" என்று நாளையைப் பற்றிச் சொன்னால், பெய்யாது என்றுதான் நினைக்கிறேன், சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன் என்று பொருள். அங்கே இறந்தகாலம் காட்டுவது நேரத்தை அல்ல, தூரத்தை. தமிழ் எல்லா நிபந்தனைக்கும் இறந்தகால உருவத்தை எடுத்துக்கொள்கிறது. ஆங்கிலம் நடக்காது என்று ஐயப்படும்போது மட்டும் எடுத்துக்கொள்கிறது. "பெய்தால்" என்பதைக் கண்டவுடன் "ரெய்ன்ட்" என்று எழுதுகிற பிள்ளை, தன்னை அறியாமல் வானிலை முன்னறிவிப்பையே மாற்றிவிடுகிறது. மலாயும் புழங்கும் வீட்டில் இது இன்னும் கலங்கும். அங்கே "கலாவ்" என்று முன்னால் போட்டுவிட்டால் போதும், வினை ஆடாமல் அசையாமல் நிற்கும். மூன்று மொழி, மூன்று ஏற்பாடு.

ஒரே ஓர் எழுத்து

பேச்சில் "வந்தா" என்கிறோம். "அவ வந்தா" என்றால் அவள் வந்தாள். "அவ வந்தா சொல்லு" என்றால் அவள் வந்தால் சொல். காதுக்கு இரண்டும் ஒன்றுதான். எழுத்தில் மட்டும் "வந்தாள்", "வந்தால்" என்று ளகரமும் லகரமும் பிரிகின்றன. வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் மட்டும் தமிழ் எழுதும் பிள்ளைக்கு இது பெரிய தலைவலி. சொல்வதெழுதுதலில் நான் இதை ஒலியை வைத்துத் திருத்துவதில்லை. அடுத்த வினையைப் பார்க்கச் சொல்வேன். வாக்கியம் அங்கேயே முடிந்துவிட்டால் ள். இன்னொரு வினைக்காகக் காத்திருந்தால் ல். "தங்கை பள்ளிக்குப் போனா..." என்று சொல்லி நிறுத்தினால், அப்புறம் என்ன என்று கேட்கத் தோன்றுகிறதா? அப்படியென்றால் "போனால்".

இன்னொரு எழுத்து இதைவிட ஆபத்தானது. வந்தால், வந்ததால். நடுவில் ஒரு "த" கூடினால் "இஃப்" போய் "பிகாஸ்" வந்துவிடும். ஒரு நிறுவனம் ஊழியர்களுக்கு ஆங்கிலத்தில் ஒரு பொது அறிவிப்பு எழுதுகிறது. தமிழிலும் வேண்டும் என்கிறது. "மூன்று முறை தாமதமாக வந்தால் ஒரு நாள் சம்பளம் பிடிக்கப்படும்" என்பது விதி. யாரையும் சுட்டவில்லை. "மூன்று முறை தாமதமாக வந்ததால் ஒரு நாள் சம்பளம் பிடிக்கப்படும்" என்று அச்சாகிவிட்டால் அது தண்டனைக் கடிதம். அதைக் கையில் வாங்குகிறவர், நான் எப்போது தாமதமாக வந்தேன் என்று மேலதிகாரியைத் தேடிக்கொண்டு போவார். கணினியின் எழுத்துப் பிழை திருத்தி இதைப் பிடிக்காது, ஏனென்றால் இரண்டுமே நல்ல தமிழ்ச் சொற்கள். வாய்விட்டுப் படித்துப் பார்ப்பது ஒன்றுதான் வழி.

"உம்" சேர்ந்தாலும் இப்படித்தான். "அழுதால் கிடைக்கும்", "அழுதாலும் கிடைக்காது". ஒரு மெய்யெழுத்து உருமாறி ஓர் "உம்" ஏறியவுடன் அழுகையின் பலனே போய்விட்டது. ஆங்கிலத்தில் இதற்கு "ஈவன் இஃப்" என்று இரண்டு சொல் வேண்டும்.

அகராதியில் "இஃப்" என்ற சொல்லுக்கு எதிரே "ஒருவேளை" என்று கண்டுவிட்டு, எல்லா வாக்கியத்தின் தலையிலும் அதை வைக்கும் பழக்கம் ஒன்று உண்டு. "ஒருவேளை பசித்தால் சாப்பிடு." தமிழில் "ஆல்" ஏற்கெனவே அந்த வேலையைச் செய்துவிட்டது. "ஒருவேளை" அதன்மேல் ஐயத்தைக் கூட்டுகிறது: பசிக்காது என்று நினைக்கிறேன், தப்பித்தவறிப் பசித்தால். ஐயம் இருந்தால் போடுங்கள், இல்லாவிட்டால் வேண்டாம். வரிசையும் அப்படியே. ஆங்கிலத்தில் "இஃப்" பகுதி பின்னால் வரலாம். தமிழில் நிபந்தனை முன்னால், விளைவு பின்னால். "என்னைக் கூப்பிடு, நீ வந்தால்" என்பது கதையில் வேண்டுமானால் அழகாக இருக்கும், அறிவிப்பில் வேண்டாம்.

போய்விட்ட வாய்ப்பு

"நேற்றே சொல்லியிருந்தால் வந்திருப்பேன்." சொல்லவில்லை, வரவில்லை. கதை முடிந்துவிட்டது. இந்த வகை வாக்கியத்தில் தமிழும் ஆங்கிலமும் நன்றாகவே ஒத்துப்போகின்றன. "இரு" என்ற துணைவினை இரண்டு பக்கமும் ஏற வேண்டும் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. "நேற்றே சொன்னால் வந்திருப்பேன்" என்று ஒரு காலை மட்டும் வைத்தால் வாக்கியம் நொண்டுகிறது. பயிற்சித் தாள்களில் நான் அதிகம் திருத்துவது இந்த நொண்டலைத்தான்.

ஆனால் "இருந்தால்" வந்துவிட்டாலே வாய்ப்புப் போய்விட்டது என்று முடிவு கட்டக்கூடாது. "தம்பி இதற்குள் வீட்டுக்கு வந்திருந்தால் சாவி மேசைமேல் இருக்கும்." இங்கே தம்பி வந்திருக்கலாம், வராமலும் இருக்கலாம், நமக்குத் தெரியவில்லை. கடைசி வினையை மட்டும் மாற்றுங்கள்: "வந்திருந்தால் சாவி மேசைமேல் இருந்திருக்கும்." இப்போது தம்பி வரவில்லை என்பது உறுதி. முதல் பாதி இரண்டிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றுதான். ஆங்கிலத்தில் முதலாவதற்கு "இஃப் ஹி ஹேஸ் கம்", இரண்டாவதற்கு "இஃப் ஹி ஹேட் கம்". ஆகவே தமிழிலிருந்து மொழிபெயர்க்கும்போது வாக்கியத்தின் கடைசிச் சொல்லைப் படிக்காமல் முதல் பாதியில் கை வைக்கக்கூடாது. இடமிருந்து வலமாக ஒவ்வொரு சொல்லாக மாற்றிக்கொண்டு போகும் மாணவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

மருத்துவமனைத் தாளில் "சாப்பிட்டிருந்தால்" குழப்பம் தராததற்கும் இதுவே காரணம். கடைசி வினை "சொல்லுங்கள்". ஏவல் வினை வந்தால் வாய்ப்புத் திறந்தே இருக்கிறது என்று பொருள்.

மறைந்துபோகும் வேறுபாடு

கடைசியாக, எந்த விதிக்குள்ளும் அடங்காத ஒன்று. "பணம் இருந்தால் வாங்குவேன்." இதை ஆங்கிலமாக்குங்கள். "இஃப் ஐ ஹேவ் மணி, ஐ வில் பை" என்றும் எழுதலாம். "இஃப் ஐ ஹேட் மணி, ஐ வுட் பை" என்றும் எழுதலாம். முதலாவதில் பையில் பணம் இருக்கிறதா என்று இன்னும் பார்க்கவில்லை. இரண்டாவதில் பணம் இல்லை என்பது தெரிந்த கதை. ஆங்கிலம் இந்த இரண்டையும் இலக்கணத்திலேயே பிரிக்கிறது. தமிழ் வினையில் அந்தப் பிரிவு இல்லை. பேசுகிறவரின் குரல், கேட்கிறவருக்குத் தெரிந்த செய்தி, இரண்டுமே அந்த வேலையைச் செய்துவிடுகின்றன. "சிறகு இருந்தால் பறப்பேன்" என்று ஒருவர் சொன்னால், இருக்கிறதா என்று யாரும் முதுகைத் தடவிப் பார்ப்பதில்லை.

ஆங்கிலத்திலிருந்து வரும்போது இந்தத் தூரத்தைத் தமிழில் காட்ட வேண்டும் என்றால் வினைக்கு வெளியேதான் ஏதாவது செய்ய வேண்டும். "மட்டும்" நன்றாக உதவும்: "என்னிடம் பணம் மட்டும் இருந்தால் வாங்கிவிடுவேன்." ஏக்கம் வந்துவிட்டது, பணம் இல்லை என்பதும் தெரிந்துவிட்டது. "இஃப் ஐ வேர் யூ" என்பதைச் சில பிள்ளைகள் "நான் நீயாக இருந்தால்" என்று எழுதுகிறார்கள். புரியும்; ஆனால் "உன் இடத்தில் நான் இருந்தால்" என்றுதான் நம் வீடுகளில் சொல்வோம். இந்தத் தூரத்தைக் காட்ட "இருந்திருந்தால்" என்று எழுதிவிடும் மாணவர்களும் உண்டு. அது இன்னொரு பக்கம் தள்ளிவிடும்: அன்றைக்குப் பணம் இருந்திருந்தால் அன்றைக்கே வாங்கியிருப்பேன் என்று கதை நேற்றுக்குப் போய்விடும்.

தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகும்போது சிரமம் அதிகம், ஏனென்றால் தாளில் இல்லாத ஒன்றைத் தேட வேண்டியிருக்கிறது. வயதான பாட்டி ஒருவர் சொன்னதைப் பேரன் ஆங்கிலத்தில் எழுதி வைக்கிறான் என்று கொள்வோம். குடும்ப வரலாற்றைத் தொகுக்கும் இளையர்கள் இப்போது பலர் உண்டு. பாட்டியின் பேச்சு இது: "உங்க தாத்தா இருந்தா இதுக்கு ஒத்துக்க மாட்டாரு." எழுத்துத் தமிழில் "தாத்தா இருந்தால் இதற்கு ஒத்துக்கொள்ள மாட்டார்." ஆங்கிலத்தில் இதை இரண்டு விதமாக எழுதலாம். தாத்தா வெளியே போயிருக்கிறார், வந்தால் திட்டுவார் என்றால் "இஃப் தாத்தா இஸ் ஹியர், ஹி வோன்ட் அக்ரீ." தாத்தா இப்போது இல்லை என்றால் "இஃப் தாத்தா வேர் ஹியர், ஹி வுடன்ட் அக்ரீ." பாட்டி சொன்ன சொற்களில் இதற்கு விடை இல்லை. பேரனுக்குத் தெரியும், எழுதிவிடுவான். அதே பக்கத்தை வெளியாள் ஒருவரிடம் மொழிபெயர்க்கக் கொடுத்தால், அவர் வேலையைத் தொடங்குமுன் வீட்டாரிடம் ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கும்: தாத்தா உயிரோடு இருக்கிறாரா?